ஆறரை வருட இடைவெளியை எப்படி எழுதுவது?

2025 மே மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு மதுரைப் பெண் வந்தாள். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் நான்கு பக்க ரெஸ்யூமே. முதல் பக்கத்தின் வலது மூலையில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அதன் கீழே பிறந்த தேதி, கணவர் பெயர், பாஸ்போர்ட் எண். கடைசிப் பக்கத்தின் அடியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதி கூறும் வாசகமும், இடம், நாள், கையெழுத்துக்கான கோடும்.

"எண்பது இடத்துக்கு அனுப்பிட்டேன் அக்கா. ஒரு இடத்துல இருந்துகூட கூப்பிடல."

மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். 2018 அக்டோபரில் கணவருடைய எச்-1பி விசாவின் பேரில் எச்-4 சார்பு விசாவில் இங்கே வந்தாள். அன்றிலிருந்து வேலை இல்லை. கிடைக்கவில்லை என்பதல்ல, பார்க்கக்கூடாது என்பதுதான் சட்டம். எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம், வண்டி ஓட்டலாம், வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய மட்டும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி அட்டையை இங்கே எல்லோரும் இ.ஏ.டி. என்பார்கள்.

இந்த அட்டை எல்லா எச்-4 மனைவிகளுக்கும் கணவர்களுக்கும் கிடைக்காது. 2015 மே 26 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி, எச்-1பி வைத்திருப்பவருக்கு கிரீன் கார்டு வழியில் அவருடைய நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது, கிரீன் கார்டு வேலை நிலுவையில் இருப்பதால் ஆறு வருட வரம்பைத் தாண்டி எச்-1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இவள் கணவருக்கு ஐ-140 கிடைத்ததே 2023-இல்தான். 2024-இல் எச்-1பி நீட்டிப்புடன் இவளுடைய எச்-4 நீட்டிப்புக்கும், ஐ-765 படிவத்தில் இ.ஏ.டி.க்கும் விண்ணப்பித்தார்கள். 2025 தொடக்கத்தில் அட்டை வந்தது. அதில் வகை என்ற இடத்தில் C26 என்று இருக்கும். செல்லுபடியாகும் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30.

ஆக, அவள் கையில் இருந்தது ஆறு வருட வங்கி அனுபவமும், ஆறரை வருட இடைவெளியும், இரண்டரை வருடம்கூட முழுதாக இல்லாத ஒரு அனுமதியும்.

புகைப்படத்தையும் பிறந்த தேதியையும் கணவர் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். இங்கே வயது, திருமணம், பிறந்த நாடு ஆகியவற்றைப் பார்த்து ஆள் எடுத்தார்கள் என்ற வழக்குக்கு நிறுவனங்கள் அஞ்சும். அதனால் அந்த விவரங்கள் ரெஸ்யூமேயில் இருப்பதையே பல மனிதவள அலுவலர்கள் விரும்புவதில்லை. கையெழுத்து உறுதிமொழி இங்கே யாருக்கும் பழக்கமில்லை. நான்கு பக்கம் ஒன்றாகவோ, மிஞ்சிப் போனால் இரண்டாகவோ ஆக வேண்டும். இதெல்லாம் பத்து நிமிட வேலை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. '2020 முதல் 2024 வரை: ஃப்ரீலான்ஸ் கணக்கு ஆலோசகர், நியூஜெர்சி.'

"இது என்னம்மா?"

"அது நான் எழுதலக்கா. ரெஸ்யூமே போட்டுத் தர்றவர் சேர்த்தாரு. கேப் தெரியக்கூடாதாம். எல்லாரும் இப்படித்தான் போடுவாங்களாம்."

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. இருநூறு டாலர் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் அவள் கையில் கொடுத்தது ஒரு வெடிகுண்டு. அந்த வரி பொய்யென்றால் அது மோசடி. பின்னணி சரிபார்ப்பில் மாட்டினால் வேலை போகும். அந்த வரி உண்மையென்றால் அதைவிட ஆபத்து. இ.ஏ.டி. இல்லாத காலத்தில் அமெரிக்க மண்ணில் வேலை செய்ததாகத் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. நாளை கிரீன் கார்டுக்கு ஐ-485 படிவம் போடும்போது, அனுமதியின்றி எப்போதாவது வேலை செய்தீர்களா என்ற கேள்வி அதில் நேராகவே வரும்.

இப்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025 டிசம்பர் 15 முதல், தூதரகத்தில் எச்-1பி, எச்-4 விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களின் இணையப் பக்கங்களையும் பார்க்கிறார்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போகிறவர் டி.எஸ்-160 படிவத்தில் இல்லத்தரசி என்று எழுதியிருப்பார். லிங்க்ட்இன்னில் நான்கு வருட ஆலோசகர் என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி என்ன நினைப்பார்?

இவள் விஷயத்தில் அப்படி எந்த வேலையும் நடக்கவில்லை என்பதால் அந்த வரியை அடித்துவிட்டோம். லிங்க்ட்இன்னிலும் நீக்கச் சொன்னேன். உண்மையிலேயே அப்படி வேலை பார்த்திருப்பவர்களுக்கு இது தீர்வாகாது. வரியை அழித்தால் செய்தது அழியாது. அவர்கள் அடுத்த படிவம் எதையும் போடுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இருக்கும் நிறுவனத்துக்கு இங்கிருந்து மடிக்கணினியில் வேலை பார்த்து, சம்பளத்தை இந்தியக் கணக்கில் வாங்கினால் தப்பில்லை என்று பலர் நம்புகிறார்கள். வேலை செய்யும்போது ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. இ.ஏ.டி. இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

அப்படியானால் அந்த ஆறரை வருடத்தில் எதையுமே எழுத முடியாதா? நான் அவளிடம் கேட்டது இதுதான்: "இத்தனை வருஷமா வீட்டைத் தவிர வேற எங்கெல்லாம் போன?"

பையனைப் பள்ளியில் விடுவது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உதவுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் போகிற போக்கில் சொன்னாள். "லைப்ரரில டாக்ஸ் போட்டுக் குடுப்பேன் அக்கா. வீட்டா. மூணு வருஷமா. அது சும்மா சேவைதானே."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டா என்பது அமெரிக்க வருமான வரித் துறை நடத்தும் இலவச உதவித் திட்டம். குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் வரிக் கணக்கைப் போட்டுக் கொடுப்பார்கள். ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை நடக்கும். சும்மா போய் உட்கார முடியாது. வரித் துறையின் தேர்வை எழுதி 80 சதவீதமாவது வாங்கித் தேற வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும். வருகிறவரின் புகைப்பட அடையாள அட்டையையும் சமூகப் பாதுகாப்பு அட்டையையும் சரிபார்க்க வேண்டும். 13614-சி என்ற விவரப் படிவத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பி, சொன்னதற்கும் காகிதத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முடித்த கணக்கை இன்னொருவர் தர ஆய்வு செய்த பிறகே அனுப்புவார்கள்.

வங்கியில் ஆறு வருடம் செய்த கே.ஒய்.சி. வேலையின் அதே நரம்புதான் இது. அமெரிக்க மண்ணில், அமெரிக்க ஆவணங்களோடு, ஆங்கிலத்தில், 2023, 2024, 2025 என்று மூன்று பருவம். பொய்யான நான்கு வருடத்தைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு இந்த உண்மையான மூன்று பருவத்தைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

எச்-4 காலத்தில் தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வழக்கமாகவே சம்பளம் இல்லாமல் நடக்கும் சேவையாக இருக்க வேண்டும். அறக்கட்டளை, நூலகம், கோயில், பள்ளி போன்ற இடங்கள். லாபம் பார்க்கும் கம்பெனியில், மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது சேவை ஆகாது. தெரிந்தவர் கம்பெனியில் 'அன்பெய்டு இன்டர்ன்' என்று சேர்த்துவிடுகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பின்னால் அட்டை கிடைத்ததும் சம்பளம் தருகிறேன் என்று அவர் சொன்னால் விஷயம் இன்னும் மோசம்.

அடுத்து வங்கி அனுபவம். ரெஸ்யூமேயில் அவள் எழுதியிருந்தது, 'கணக்குத் தொடங்குதல், கே.ஒய்.சி. இணக்கம் ஆகியவற்றுக்குப் பொறுப்பு' என்ற ஒற்றை வரி. விண்ணப்பித்திருந்ததோ வங்கிக் கவுன்ட்டர் வேலைகளுக்கு. பழைய பதவிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். கிளையில் அவள் நாள் முழுக்க என்ன செய்தாள் என்று மணிக்கணக்காகக் கேட்டேன்.

ஒரு கதை சொன்னாள். துணி வியாபாரம் என்று சொல்லித் தொடங்கிய நான்கு நடப்புக் கணக்குகள். நான்கிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ரொக்கம் வரும். ஒருமுறை 49,000, இன்னொரு முறை 48,500. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் பான் எண் எழுத வேண்டியிருந்ததால் அப்போது சிலர் அப்படிப் போட்டது உண்டுதான். ஆனால் கணக்கு தொடங்கிய படிவங்களை எடுத்துப் பார்த்தபோது நான்கு பேரின் முகவரியும் ஒரே கட்டிடம். கதவு எண்ணை மட்டும் ஒன்றில் 'மாடி' என்றும், ஒன்றில் 'பின்பக்கம்' என்றும் எழுதியிருந்தார்கள். அவள் அதைக் குறிப்பெழுதி மேலாளர் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

இதற்கு இந்த ஊரில் ஒரு பெயர் உண்டு: ஸ்ட்ரக்சரிங். அறிக்கை வரம்பில் சிக்காமல் இருக்கப் பணத்தைத் துண்டு துண்டாக்கிப் போடுவது. இங்கே பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி 15 நாட்களுக்குள் ஃபின்சென் என்ற நிதிக் குற்றத் தடுப்பு அமைப்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதைத் தவிர்க்கத் திட்டமிட்டுப் பிரித்துப் போடுவதே குற்றம். இந்தியாவில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேலான ரொக்கப் பரிமாற்றங்களை மாதம்தோறும் எஃப்.ஐ.யு. இந்தியாவுக்கு அனுப்புவது இவளுக்குப் பழக்கம். இரண்டு நாட்டு அறிக்கைக்கும் பெயர்கூட ஒன்றுதான், சி.டி.ஆர். சந்தேகப் பரிமாற்ற அறிக்கையை இந்தியாவில் எஸ்.டி.ஆர். என்பார்கள், இங்கே எஸ்.ஏ.ஆர். கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்கும்போது இந்தியாவில் இப்போது 10 சதவீதப் பங்கைப் பார்க்கிறார்கள், இங்கே வங்கிகளுக்கான விதியில் 25 சதவீதம். சட்டத்தின் பெயர் அங்கே 2002-இன் பண மோசடித் தடுப்புச் சட்டம், இங்கே 1970-இன் வங்கி ரகசியச் சட்டம். வேலை ஒன்றே, சொல்தான் வேறு.

எங்கும் கொண்டுபோகக்கூடிய திறன் என்றால் 'குழுவாக வேலை செய்வேன்', 'நேர நிர்வாகம் தெரியும்' என்று எழுதுவது என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. ஒரு நாட்டில் செய்த வேலையை எடுத்து, இன்னொரு நாட்டில் அதே வேலைக்கு என்ன பெயர், எந்தச் சட்டம், எந்த வரம்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுவதுதான் பயன்படும். அது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. விளம்பரங்களில் இருபதை அச்செடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிட்டு, அவற்றில் தான் உண்மையாகச் செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் அதை இரண்டு வாரம் செய்தாள். தேட வேண்டியது கவுன்ட்டர் வேலையை அல்ல, கே.ஒய்.சி. அனலிஸ்ட், ஏ.எம்.எல். அனலிஸ்ட் வேலைகளை என்பது அதில்தான் தெளிவானது. ஜெர்சி சிட்டியில் வங்கிகளின் பின்புல அலுவலகங்கள் நிறைய. அங்கே இந்த வேலைக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பது சாதாரணம்.

புதிய ரெஸ்யூமேயில் அந்த ஒற்றை வரி மூன்றானது. நாளொன்றுக்கு 12 முதல் 15 புதிய கணக்குகளின் அடையாள, முகவரி ஆவணங்களைச் சரிபார்த்தது. நிறுவனக் கணக்குகளில் உண்மை உரிமையாளர்களைக் கண்டறிந்து பதிவு செய்தது. பிரித்துப் போடப்பட்ட ரொக்க வரவுகளின் போக்கைக் கண்டறிந்து, உள் நடைமுறைப்படி மேல்மட்டத்துக்கு அனுப்பியது. மூன்றாவது வரியை அவள் முதலில் எழுதியபோது, 'சந்தேக அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது' என்று முடித்து, துணிக் கடை என்றும் சேர்த்திருந்தாள். நான் அடித்தேன். அப்படி ஒரு அறிக்கை போனதா இல்லையா என்பதே இரண்டு நாட்டிலும் ரகசியம். அதை ரெஸ்யூமேயில் எழுதுகிறவரை இந்தத் துறையில் அனுபவமுள்ள எந்த மேலாளரும் வேலைக்கு எடுக்கமாட்டார். நடைமுறையைச் சொல்லலாம், ஆளையும் முடிவையும் சொல்லக்கூடாது. அந்த எல்லை தெரிந்திருப்பதே துறை தெரிந்தவர் என்பதற்கு அடையாளம்.

லட்சம், கோடி என்ற அளவுகளை எல்லாம் எடுத்தோம். பி.காம். மூன்று வருடப் படிப்பு என்பதால் சில நிறுவனங்கள் மதிப்பீட்டுச் சான்று கேட்கும். அதைத் தனியே வாங்கி வைத்துக்கொண்டாள். நர்ஸ், பள்ளி ஆசிரியர், வக்கீல் போன்றவர்களுக்கு இவ்வளவு எளிதல்ல. அந்தந்த மாநில உரிமம் வாங்கிய பிறகுதான் அவர்களுக்கு ரெஸ்யூமே பேச்சே.

இடைவெளியை மறைக்கவில்லை. 2012 முதல் 2018 வரை வங்கி என்று தேதியோடு இருந்தது. அதற்கு மேலே 2023 முதல் வீட்டா தன்னார்வலர், ஊதியமற்றது என்ற சொல்லோடு. நேர்காணலில் கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம் வைத்துக்கொண்டோம்: "அந்தக் காலத்தில் எனக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லை, இப்போது எந்த நிறுவனத்திலும் வேலை செய்யும் அனுமதி இருக்கிறது." குழந்தை, குடும்பம் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பப் படிவங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்பது முதலாவது. ஆம். இப்போதோ பிற்காலத்திலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்பது இரண்டாவது. இதில்தான் பலர் குழம்பி 'ஆம்' என்று போட்டுவிட, விண்ணப்பம் அங்கேயே வடிகட்டப்பட்டுப் போகிறது. எச்-4 இ.ஏ.டி. எந்த நிறுவனத்தோடும் கட்டப்பட்டதல்ல. அதன் பேரில் வேலை செய்கிறவரை நிறுவனம் எந்த மனுவும் போட வேண்டாம். பிற்காலத்தில் அந்த நிறுவனமே தனக்கு எச்-1பி போட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 'ஆம்' என்பதுதான் நேர்மை. இவளுக்கு அந்த எண்ணம் இல்லை, 'இல்லை' என்று போட்டாள். எச்-4 என்ற சொல்லை ரெஸ்யூமேயில் எழுதவே இல்லை. சேரும்போது ஐ-9 படிவத்துக்கு அந்த அட்டை ஒன்றே அடையாளத்துக்கும் அனுமதிக்கும் போதும்.

புது ரெஸ்யூமேயை இருபத்திரண்டு இடங்களுக்கு அனுப்பினாள். நான்கு அழைப்பு வந்தது. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் பழைய வாடிக்கையாளர் கோப்புகளைச் சீர்செய்யும் ஆறு மாத ஒப்பந்தம் ஆகஸ்டில் கிடைத்தது. பிறகு அது நீட்டிக்கப்பட்டது.

ஆனால் கதை இங்கே முடிவதில்லை. அக்டோபர் கடைசியில் அவளிடமிருந்து ஒரு அழைப்பு. குரலே சரியில்லை. "அக்கா, ஆட்டோ எக்ஸ்டென்ஷன் எடுத்துட்டாங்களாமே?"

ஆமாம். முன்பு, இருக்கும் அட்டை முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பித்தால், எச்-4 நிலை தொடர்கிறவரை, 540 நாள் வரை பழைய அட்டையே தானாக நீளும். 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ போடப்படும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு அந்த வசதி இல்லை. அட்டையில் உள்ள தேதி முடிந்த அன்று புதிய அட்டை கையில் இல்லையென்றால், மறுநாள் வேலைக்குப் போகக்கூடாது. போனால் அது அனுமதியற்ற வேலை. கணவரின் மனுவோடு மனைவியின் விண்ணப்பங்களையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு வழக்கின் சமரசத்தால் வந்த ஏற்பாடும் 2025 ஜனவரியில் காலாவதியாகிவிட்டது. கணவருக்குப் பிரீமியம் கட்டணம் கட்டிப் பதினைந்து வேலை நாளில் முடித்தாலும், மனைவியின் அட்டை தனி வரிசையில் மாதக்கணக்கில் நிற்கலாம். கணவரின் வேலையே போய்விட்டால் இவளுடைய எச்-4-உம் இ.ஏ.டி.யும் சேர்ந்தே ஆட்டம் காணும். இந்தப் பயம் எச்-4 குடும்பங்களுக்கு வெளியே யாருக்கும் சரியாகப் புரிவதில்லை.

அட்டை முடியும் நாளுக்கு 180 நாள் முன்பிருந்து புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதற்குள் கணவரின் நிறுவன வழக்கறிஞர் எச்-1பி நீட்டிப்பைத் தயார் செய்திருக்க வேண்டும். நிறுவனங்கள் சாதாரணமாகக் கடைசி மூன்று மாதத்தில்தான் அந்தக் கோப்பைத் தொடும். அதனால் நச்சரிக்க வேண்டியது கணவரின் வேலை, அதுவும் ஆறு மாதத்துக்கு முன்பே. அன்று போனிலேயே அவளோடு சேர்ந்து நாட்களை எண்ணினேன். 2027 செப்டம்பர் 30-இலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஏப்ரல் 3 வருகிறது. அது சனிக்கிழமை. "அப்ப வியாழக்கிழமையே எல்லாப் பேப்பரும் ரெடியா இருக்கணும்க்கா," என்றாள். பின்னால் அவள் கணவரின் குரல் கேட்டது. ஜனவரியிலேயே வக்கீலுக்கு மெயில் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.